உள்ளே எவ்வளவு நேரம்?

போன மாதம் கோண்டாவிலில் ஒரு கலியாண வீடு. இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது சித்தப்பாவின் மகன் என் கையைப் பிடித்துப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஏதோ காணி விஷயமாக்கும் என்று நினைத்தேன். கிணற்றடியில் நின்று, சமையல்காரர்கள் கேட்காத தூரத்தில், குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "அண்ணை, உங்களுக்கு மூலம் இருந்ததெல்லே? என்ன மருந்து எடுத்தனீங்கள்? எனக்கும் எட்டு மாசமா ரத்தம் போகுது." என் ரத்தத்துக்குக் காரணம் மூலமே இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் நான் மூலக்காரன்தான். மூன்று வருடம் எல்லோரும் அப்படிச் சொன்னார்கள், நானும் சொன்னேன். பிறகு வேறு வருத்தம் என்று தெரியவந்தபோது அதன் பெயரைச் சொல்லி விளக்க எனக்குச் சங்கடமாக இருந்ததால், பழைய பெயரையே அப்படியே விட்டுவிட்டேன்.

அவனிடம் மருந்தின் பெயரைச் சொல்லவில்லை. "கக்கூசுக்கு உள்ளே போனால் எவ்வளவு நேரம் இருப்பாய்?" என்று கேட்டேன். "என்ன அண்ணை, இதெல்லாமா கேக்கிறது?" என்று சிரித்துவிட்டு அவன் பந்திக்குப் போய்விட்டான். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. என்னிடம் அந்தக் கேள்வியை ஒருவர் கேட்க மூன்று வருடம் எடுத்தது என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஆகவே வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டு வாசிப்பவர்கள் பிறகு வாருங்கள்.

2018இன் தொடக்கத்தில் ஆரம்பித்தது. அப்போது எனக்கு 33 வயது. ஒரு அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் வேலை, நாள் முழுக்க இருக்கைதான். ஒருநாள் காலை வெளிக்குப் போனபோது கழுவிய தண்ணீரில் சிவப்பு கலந்து போனது. நோவு இல்லை. இரண்டு நாளில் நின்றது, பத்து நாளில் மறுபடி வந்தது. அம்மாவிடம் சொன்னதுதான் தாமதம், தீர்ப்பு வந்துவிட்டது: சூடு, மூலம். கோழியும் கத்தரிக்காயும் நிறுத்தப்பட்டன. கருணைக்கிழங்கு வாரத்துக்கு மூன்று நாள் வந்தது. பெரியம்மா துத்தியிலையை வதக்கிக் கட்டச் சொன்னார். அதையும் கட்டினேன். எங்கே எப்படிக் கட்டினேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. பிறகு ஒரு டொக்டரிடம் போனேன். நான் ரத்தம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் துண்டு எழுதத் தொடங்கிவிட்டார். பூசுவதற்கு ஒரு களிம்பு, உள்ளே வைக்க ஒரு மாத்திரை, மலத்தை இளக்க ஒரு பாணி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரத்தம் என்று வரும் பத்துப் பேரில் பெரும்பாலானவர்களுக்கு மூலம்தான் இருக்கும். நானும் மூலம் என்று நினைத்துத்தான் அவர் முன்னால் இருந்தேன்.

ஆனால் அவரிடம் நான் சொல்லாதது நிறைய இருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரத்தத்தோடு சளியும் போனது. மூக்குச்சளி போல வெள்ளையாக, சில நாள் ரத்தக்கோடு ஓடியபடி, மலமே இல்லாமல் சளி மட்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் போவேன். ஒவ்வொரு தரமும் உள்ளே இன்னும் ஏதோ மிச்சம் இருப்பது போலவே இருக்கும். அந்த மிச்சத்தை வெளியே எடுப்பதற்காக முக்குவேன். பத்து நிமிடம், இருபது நிமிடம். போன் வந்தபிறகு நேரம் போவதே தெரிவதில்லை. காலையில் முக்கால் மணித்தியாலம் இருந்த நாட்களும் உண்டு. மனைவி கதவில் தட்டி, "இஞ்சேருங்கோ, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிந்துது" என்பாள். கடைசியாக, யாருக்கும் சொல்லாத விஷயம்: சில நாள் விரலை விட்டும் எடுத்தேன். அப்படிச் செய்கிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று அப்போது நம்பியிருந்தேன். பிறகு பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் அதைக் கேட்டபோது, "சாப்பிட்டனீங்களா?" என்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார். அவரிடம் வரும் இப்படியான நோயாளிகளில் பலர் செய்வதாம்.

இவை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மூலத்தின் கதைக்குப் பொருந்தாது. சாதாரண மூலத்தில் ரத்தம் பெரும்பாலும் மலம் போய் முடிகிற நேரத்தில் சொட்டும், சில சமயம் பீச்சியடிக்கும், பிறகு ஆள் எழும்பிப் போய்விடுவார். வெளியே தள்ளுகிற பெரிய மூலத்தில் சளிக் கசிவும் வரும் என்பதால் சளியை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் சளி, முடியாத மிச்ச உணர்வு, ஒரு நாளில் பல தரம் வெறுமனே போய்வருவது, நீண்ட நேர முக்கல், விரல் உதவி எல்லாம் ஒரே ஆளிடம் கூடி வந்தால் ரத்தத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

வளையமும் இரும்புச் சத்தும்

2019இல் ஒரு தனியார் இடத்தில் மூலத்துக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். மூலத்தின் அடியில் சிறு ரப்பர் வளையத்தை இறுக்கிவிட்டால் ரத்தவோட்டம் நின்று அது தானாகச் சுருங்கி விழுந்துவிடும். எனக்குச் சின்ன மூலம் ஒன்று இருந்தது உண்மைதான். இருக்காதா பின்னே, அவ்வளவு முக்கின ஆளுக்கு? அது விழுந்தது. ரத்தம் நிற்கவில்லை. மறுபடி போனேன், இன்னொரு வளையம். அதுவும் விழுந்தது, ரத்தம் போனது. "சிலருக்குத் திரும்ப வரும்" என்றார்கள். மூலம் உண்டா என்று பார்த்தார்கள், கண்டார்கள், கண்டதோடு தேடல் நின்றுவிட்டது. உள்ளே இன்னும் இரண்டு மூன்று அங்குலம் மேலே போயிருந்தால் வேறு கதை தெரிந்திருக்கும்.

இதற்கிடையில் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.2 என்று வந்தது. ஆண்களுக்கு அது குறைவு. இரும்புச் சத்துக் குளிசை தந்தார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கி இறுக்கிவிட்டது. இறுகியதும் இன்னும் முக்கினேன், முக்கியதும் இன்னும் ரத்தம். ரத்தம் போனதற்காகத் தந்த குளிசையே ரத்தத்தைக் கூட்டியது என்பதை நான் கண்டுபிடிக்கவே நான்கு மாதம் ஆனது. 2020இல் ஊரடங்கு வந்தது, கிளினிக்குகள் பாதியாகின. வீட்டுக்குள்ளேயே இருந்தவனுக்குக் கக்கூசுதான் தனிமை கிடைக்கிற ஒரே அறை. அந்த வருடம்தான் மிக மோசம்.

கமெரா

2021 தொடக்கத்தில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் போனேன். துண்டைப் புரட்டிப் பார்த்தார். "இரண்டு தரம் வளையம் போட்டும் ரத்தம் நிக்கேல்லை எண்டால் மேலே பார்க்கவேணும்" என்று கொலனொஸ்கோபிக்கு நாள் தந்தார். முதல்நாள் குடிக்கிற அந்தப் பேதி மருந்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, குடித்தவர்களுக்குத் தெரியும்.

கமெரா உள்ளே போய், மலவாசலிலிருந்து 7 சென்டிமீற்றர் தூரத்தில் மலக்குடலின் முன்பக்கச் சுவரில் நின்றது. அங்கே ஒரு ரூபாய்க் குற்றியளவு புண். வெளிறிய அடி, சுற்றிலும் சிவந்து கொஞ்சம் தடித்த விளிம்பு. நான் அரை மயக்கத்தில் இருந்தேன். ஆனால் டொக்டர் மிஸ்ஸியிடம் "விளிம்பிலயிருந்து நாலைஞ்சு துண்டு எடுப்பம்" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. எழும்பிய பிறகு மெதுவாகச் சொன்னார்: "பெருங்குடல் முழுக்கச் சுத்தமா இருக்கு. இந்த ஒரு இடம்தான். பார்வைக்கு இரண்டு மூன்று விஷயம் இப்படித் தெரியும். அதில ஒண்டு நாங்கள் விரும்பாத விஷயம். பயொப்சி வரட்டும்." புற்றுநோய் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சொல்லாமல் விடுவதே அதைச் சொல்கிற முறை. பதினாறு நாள் காத்திருந்தேன். அந்தப் பதினாறு நாளில் பாங்க் புத்தகம் எங்கே இருக்கிறது, காணி உறுதி எங்கே இருக்கிறது என்று மனைவிக்கு மூன்று தரம் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் தரம் அவள் அழுதாள், பிறகு சொல்லவில்லை.

முதல் அறிக்கை "குறிப்பற்ற அழற்சி" என்று வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் என்னவென்றும் இல்லை. இங்கேதான் அந்த நிபுணர் ஒரு காரியம் செய்தார். பயொப்சியோடு போன துண்டில் "மூலம், ரத்தப்போக்கு" என்று மட்டும் எழுதியிருந்ததாம். அவர் நோயியல் நிபுணருக்குப் போன் எடுத்து, இந்த ஆள் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முக்குகிறார், முன்சுவரில் புண், மறுபடி பாருங்கோ என்றார். அதே கண்ணாடித் தகடுகளை மறுபடி பார்த்தபோது இரண்டாவது அறிக்கை வேறு மாதிரி வந்தது. மலக்குடலின் உட்தோலில் சுரப்பிகளுக்கு நடுவே இளக்கமான ஒரு இழையம் இருக்கும். என் துண்டுகளில் அந்த இடத்தை நாரும் தசையும் நிரப்பியிருந்தன. கீழேயிருக்க வேண்டிய மெல்லிய தசை இழைகள் மேலே ஏறி, சுரப்பிகளுக்கு இடையில் நேராக நின்றன. இதுதான் இந்த நோயின் முத்திரை. பார்க்கிறவருக்கு எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் கண்ணில் படும், இல்லாவிட்டால் வெறும் அழற்சியாகக் கடந்துபோகும். ஒரே தகடு, இரண்டு அறிக்கை. நடுவில் மாறியது என் கதையில் ஒரு வரி.

"முக்குங்கோ பாப்பம்"

அறிக்கையோடு போன நாள்தான் இந்தக் கட்டுரையின் நடு. பெயரைச் சொல்லுமுன் டொக்டர் கட்டிலில் இடப்பக்கமாகச் சரிந்து படுக்கச் சொன்னார். முழங்காலை மடக்கி நெஞ்சுப் பக்கம் இழுக்கச் சொன்னார். கையுறை போட்டு விரலை விட்டுப் பரிசோதித்தார். விரல் பரிசோதனை எனக்குப் புதிதல்ல, முன்பும் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து எடுத்துவிடுவார்கள். இவர் விரலை அசைக்காமல் வைத்துக்கொண்டு, மற்றக் கையை என் வயிற்றில் வைத்து, "மலத்தை அடக்குற மாதிரி இறுக்குங்கோ" என்றார். இறுக்கினேன். "நல்லது. இப்ப விடுங்கோ. இப்ப வெளிக்குப் போகேக்க முக்குற மாதிரி முக்குங்கோ பாப்பம்." முக்கினேன். இதில் எனக்கு மூன்று வருட அனுபவம், வெட்கம்கூட மறந்துபோய் முழு மூச்சாக முக்கினேன். "இன்னொருக்கா." முக்கினேன்.

"தம்பி, நீங்கள் திறக்கேல்லை, பூட்டுறீங்கள்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எழுந்திருந்து உடுப்பைச் சரிசெய்த பிறகு மேசையில் ஒரு தாளில் கீறிக் காட்டினார். மலக்குடலுக்கும் மலவாசலுக்கும் இடையில் ஒரு வளைவு இருக்கிறது. முன்னால் இடுப்பெலும்பில் தொடங்கி, பின்னால் சுற்றிவந்து மறுபடி முன்னாலேயே சேருகிற ஒரு தசை, கவண்பட்டி மாதிரி அந்த இடத்தை முன்னுக்கு இழுத்துப் பிடித்து அந்த வளைவை உண்டாக்குகிறது. பெயர் பியூபோரெக்டாலிஸ். நாம் வெளிக்குப் போகிற நேரத்தில் அது இளக வேண்டும். இளகினால் வளைவு நிமிரும், பாதை திறக்கும், வயிற்றிலிருந்து வருகிற சின்ன அழுத்தமே போதும். எனக்கு அது இளகுவதற்குப் பதிலாக இறுகுகிறது. முக்கு என்று சொன்னதும் வயிற்றுத் தசை மேலிருந்து தள்ளுகிறது, இந்தத் தசை கீழே கதவைச் சாத்துகிறது. தள்ளத் தள்ள கதவு இன்னும் இறுகும், இறுக இறுக இன்னும் தள்ளுவேன். சரி, இந்த மல்யுத்தத்தில் நடுவில் அகப்பட்டது எது? மலக்குடலின் முன்சுவர். தள்ளுகிற வேகத்தில் அந்தச் சுவரின் உட்தோல் மடிந்து கீழே இறங்கி, இறுகிய தசை வளையத்துக்குள் வந்து நசுங்குகிறது. நசுங்கிய இடத்துக்கு ரத்தவோட்டம் குறைகிறது. ஒருநாள் நசுங்கினால் ஒன்றுமில்லை. நாளைக்கு ஐந்து தரம், மூன்று வருடம் நசுங்கினால் அந்த இடம் சிவக்கும், தடிக்கும், கடைசியில் புண்ணாகும். விரல் விட்டதும் அதே இடத்தில்தான் குத்தியிருக்கும். அதனால்தான் புண் முன்சுவரில், 7 சென்டிமீற்றரில்.

இன்னொன்று சொன்னார், அது பெயரை விட என்னை உலுக்கியது. அந்த மிச்ச உணர்வு. மூன்று வருடமாக எதை வெளியே எடுக்கப் பாடுபட்டேனோ அது பெரும்பாலான நேரம் மலமே அல்ல. கீழே இறங்கிய அந்த மடிப்பும், வீங்கிய புண்ணும்தான். மலக்குடலின் நரம்புகளுக்கு அது மலமா தன் சுவரா என்று வித்தியாசம் தெரியாது. உள்ளே ஏதோ இருக்கிறது, அனுப்பு என்கிறது. ஆகவே நான் மணிக்கணக்காக வெளியே தள்ள முயன்றது என் சொந்த மலக்குடலைத்தான்.

ஒற்றையல்லாத ஒற்றை

நோயின் பெயர் சொலிட்டரி ரெக்டல் அல்சர் சிண்ட்ரோம். தமிழில் ஒற்றை மலக்குடல் புண் என்று சொல்லலாம். பெயர் பொய். பலருக்குப் புண் ஒன்றாக இருப்பதில்லை, இன்னும் பலருக்குப் புண்ணே இருப்பதில்லை. வெறும் சிவந்த தோலாகவோ, முளை மாதிரித் தடித்தோ இருக்கும். முளையாக இருந்தால் பொலிப் என்றோ புற்று என்றோ தோன்றும், பரவலாகச் சிவந்திருந்தால் குடல் அழற்சி நோய் என்று தோன்றி அதற்கான மருந்தில் மாதக்கணக்காக ஓடும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பிரான்ஸின் மருத்துவர் குருவெயில்யே இப்படியான புண்களை விவரித்திருக்கிறார். ஆனால் நுண்ணோக்கியில் அது எப்படி இருக்கும் என்பதை 1969இல்தான் மடிகன், மோர்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் 68 நோயாளிகளை வைத்து ஒழுங்காக எழுதினார்கள். அவர்கள் விவரித்த அந்த நாரும் தசையும்தான் என்னுடைய இரண்டாம் அறிக்கையில் இருந்தது. அரிய நோய் என்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: இரண்டு வளையத்தோடு அலுத்துப்போய் மருத்துவமனைப் பக்கமே போகாமல் விட்ட ஆட்கள் அந்தக் கணக்கில் எங்கே இருப்பார்கள்?

குந்தியிருந்தால் இந்த வருத்தம் வராது, கொமோட் வந்தபிறகுதான் எல்லாம் என்று பெரியம்மா சொல்வார். டொக்டரிடம் கேட்டேன். குந்தினால் அந்த வளைவு கூடுதலாக நிமிரும், அது உண்மை. ஆனால் குந்தும் மலசலகூடத்திலேயே வாழ்நாள் முழுக்க இருந்தவர்களுக்கும் இது வருகிறது. தசை இளகாவிட்டால் எப்படி இருந்தாலும் ஒன்றுதான் என்றார்.

ஐந்து நிமிடம்

வைத்தியம் என்று கேட்டால் முதலாவது ஒரு தடை. ஐந்து நிமிடத்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது, போன் உள்ளே வரக் கூடாது, முக்கக் கூடாது, விரல் கூடவே கூடாது. வராவிட்டால் எழுந்து வா. மிச்சம் இருப்பது போல இருந்தாலும் எழுந்து வா. அந்த மிச்சம் பொய் என்று இப்போது உனக்குத் தெரியும். கேட்க இலகுவாக இருக்கிறது. முதல் இரண்டு வாரம் ஒரு போதையை விட்டவன் மாதிரித் திரிந்தேன். அலுவலகத்தில் கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் இருந்துகொண்டு, போ, போய்ப் பார் என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருக்கும். போகாமல் இருந்தால் அரை மணித்தியாலத்தில் அந்த உணர்வு தானாக அடங்குவதை மூன்றாம் வாரத்தில்தான் கவனித்தேன். அடங்குமென்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. அடங்கவிட்டதே இல்லையே.

இரண்டாவது, இசப்கோல் உமி. ஒரு தேக்கரண்டியில் தொடங்கி ஒரு பெரிய கோப்பைத் தண்ணீரோடு இரவில் குடிக்கச் சொன்னார், இரண்டு வாரம் கழித்து இரண்டு கரண்டி. ஆர்வக்கோளாறில் முதல் நாளே மூன்று கரண்டி போட்டு வயிறு ஊதிக் கிடந்தேன். பூட்டின கதவுக்குப் பின்னால் இன்னும் சாமான் அடுக்கினால் அப்படித்தான் ஆகும். கிழங்கைவிட கீரையும் பழமும் உதவின. கோழி, கத்தரிக்காய்த் தடை நீங்கியது, அம்மாவுக்கு அதில் இன்றுவரை சம்மதமில்லை. இரும்புக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கச் சொன்னார். மூன்றாவது, மலவாசல் வழியாக உள்ளே விடுகிற சுக்ரால்ஃபேட் கரைசல். வயிற்றுப் புண்ணுக்குக் குடிக்கிற அதே மருந்துதான், இங்கே கீழிருந்து போய்ப் புண்ணின் மேல் ஒரு பூச்சுப் போலப் படிகிறது. காலையும் இரவும் ஆறு வாரம். அது புண்ணுக்குத் திரை போடும், நசுக்கிற கையை நிறுத்தாது என்று டொக்டர் முதலே சொல்லிவிட்டார்.

நசுக்கிற கையை நிறுத்துவது நான்காவது விஷயம், அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. இரவு பஸ்ஸில் போய் இறங்கி, ஒரு பலூன் சோதனை. மலக்குடலுக்குள் ஒரு சிறு பலூனை வைத்து 50 மில்லிலீற்றர் தண்ணீர் நிரப்பி, கொமோட்டில் இருத்தி வெளியே தள்ளச் சொல்வார்கள். சாதாரண ஆள் ஒரு நிமிடத்துக்குள் தள்ளிவிடுவார். எனக்கு மூன்று நிமிடம் ஆகியும் வரவில்லை, மணிக்கூட்டை நிறுத்தினார்கள். பிறகு பயிற்சி. உள்ளே ஒரு மெல்லிய குழாய், முன்னால் ஒரு திரை, நான் தசையை இறுக்கினால் கோடு ஏறும், இளக்கினால் இறங்கும். முக்கச் சொன்னபோது கோடு சடாரென்று மேலே போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். டொக்டர் கீறிக் காட்டியதை நான் முழுக்க நம்பியது அப்போதுதான். பயிற்றுநர் ஒரு பெண், பொறுமைசாலி. முக்குவதையே மறக்கச் சொன்னார். வயிறு பலூன் மாதிரி முன்னுக்கு உப்ப மூச்சை இழுத்து, கொட்டாவி விடுகிற மாதிரி கீழே இளக்கி, வாயைத் திறந்தபடி மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டு தள்ள வேண்டும். மூச்சைப் பிடித்தால் கதவு சாத்தும். நான்கு தரம் போனேன். மூன்றாம் தரத்தில் கோடு முதல் தடவையாகக் கீழே இறங்கியது. அந்த நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, சொல்லக்கூடிய ஆள் யாரும் நினைவுக்கு வரவில்லை. வீட்டில் கொமோட்டுக்கு முன்னால் அம்மாவின் பழைய பலகைக்கட்டை ஒன்றைப் போட்டேன். காலை அதில் தூக்கி வைத்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிச் சற்று முன்னால் சரிய இருப்பேன்.

ரத்தம் இரண்டு மாதத்தில் அரிதானது. சளி நிற்க ஐந்து மாதம். ஆறாம் மாதம் மறுபடி கமெரா விட்டபோது புண் பாதிக்கு மேல் ஆறியிருந்தது, தடிப்பு அப்படியே இருந்தது. எனக்கு ஏமாற்றம். ஆனால் டொக்டர் மகிழ்ந்தார். கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இந்த நோயில் மெதுவாகத்தான் வரும், சிலருக்கு முழுக்கப் போகவே போகாது, ஆள் சுகமாக இருந்தால் படத்தைத் துரத்தத் தேவையில்லை என்றார். மலக்குடல் முழுக்க வெளியே பிதுங்குகிறவர்களுக்கும், இவையெல்லாம் செய்தும் ரத்தம் நிற்காதவர்களுக்கும் மலக்குடலை மேலே இழுத்துக் கட்டுகிற சத்திரசிகிச்சை ஒன்று உண்டு. எனக்குத் தேவைப்படவில்லை. தசை இன்னும் பூட்டுகிறபோது அறுவை செய்தால் தைத்த இடத்தையும் முக்கியே கெடுத்துவிடுவாய் என்று அவர் சொன்னது ஞாபகம்.

திரும்ப வராமல் இல்லை. 2022இல் பெற்றோல் வரிசை. மோட்டார் சைக்கிளோடு விடிய மூன்று மணிக்குப் போய் நின்று மத்தியானம் வரை நகர முடியாது, இடத்தை விட்டுப் போனால் வரிசை போய்விடும். வருகிறதை அடக்கி அடக்கி, வீட்டுக்கு வந்தபோது இறுகியிருக்கும். ஒரு மாதத்தில் பழைய முக்கல், பழைய போன், பழைய சிவப்பு. இம்முறை களிம்பு தேடிப் போகவில்லை. பலகைக்கட்டையைத் தேடினேன், யாரோ அதைக் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

சித்தப்பாவின் மகன்

கலியாண வீட்டுக்கு இரண்டு நாள் கழித்து நானே அவனுக்குப் போன் எடுத்தேன். கிணற்றடியில் கேட்ட கேள்வியை மறுபடி கேட்டேன். இம்முறை சிரிக்கவில்லை. "ஒரு அரை மணித்தியாலம் இருக்கும் அண்ணை. போன் பாப்பன்." சளி போகிறதா என்றேன். இருக்கலாம், கவனிக்கவில்லை என்றான். என் மனதில் அப்போதே முடிவாகிவிட்டது. இவனுக்கும் இதுதான். எங்கள் பரம்பரைக்கே யாரும் இந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்த வினை. களிம்பு வாங்காதே, நேரே போய் உள்ளே பார்க்கச் சொல்லிக் கேள், எத்தனை நிமிடம் இருக்கிறாய் என்பதையும் துண்டில் எழுதச் சொல் என்று அண்ணன் தோரணையில் பத்து நிமிடம் பேசினேன். பியூபோரெக்டாலிஸைக்கூட விளக்கினேன். பாவம், கேட்டுக்கொண்டிருந்தான்.

போன கிழமை அவன் போன் எடுத்தான். கமெரா விட்டுப் பார்த்தார்களாம். மலக்குடல் சுவர் முழுக்கச் சுத்தமாம், புண்ணுமில்லை, சிவப்புமில்லை. விரல் விட்டு முக்கச் சொன்னபோது ஒழுங்காக இளகியதாம்.

"மூலம்தானாம் அண்ணை!" என்றான், பரீட்சை பாஸானவன் மாதிரி.

எனக்குச் சந்தோஷம்தான். அதோடு, ஏன் மறைக்க வேண்டும், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. எங்கேயிருந்து பேசுகிறாய் என்று கேட்டேன். குரல் சுவரில் பட்டு எதிரொலித்தது. பதில் சொல்லாமல் சிரித்தான், பிறகு தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.